அக்காவுக்கு வருமானச் சான்று வேண்டாம், உங்களுக்கு வேண்டும்

"என் அக்கா ஏழு மாதமாக இரண்டு பிள்ளைகளோடு முசிறி பக்கம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், ஒரு பைசா அனுப்புவதில்லை. ஜீவனாம்சம் கேஸ் போட வக்கீல் 35 ஆயிரம் கேட்கிறார். அக்கா ஜவுளிக்கடையில் மாதம் 9 ஆயிரம் வாங்குகிறாள். அவளுக்கு இலவச வக்கீல் கிடைப்பாரா? இன்னொன்று, போன வாரம் பக்கத்து நிலத்துக்காரர் வண்டிப்பாதை விஷயமாக என் மேல் கேஸ் போட்டு முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. நான் பால் வண்டி ஓட்டுகிறேன், மாதம் 18 ஆயிரம், என் பேரில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. எனக்கும் கிடைக்குமா? இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்கிறார்களே?"

இரண்டு பேருக்கும் கிடைக்கும். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே காரணத்தால் அல்ல. இது தெரியாமல் போனால்தான் அலைச்சல்.

சில வருடங்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் இருந்து இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தியவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் அக்கா. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 12-வது பிரிவுதான் யாருக்கு இலவச வக்கீல் என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, சாதி வன்கொடுமை போன்றவற்றில் சிக்கியவர்கள் என்று ஒரு வரிசை. இவர்களில் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. வரிசையின் கடைசியில்தான் "மாநில அரசு குறித்த தொகைக்குக் கீழே ஆண்டு வருமானம் உள்ளவர்" என்று தனியாக ஒரு வகை வருகிறது. மேலே சொன்ன எந்த வகையிலும் வராத ஆண்களுக்கு அதுதான் வழி. தமிழ்நாட்டில் அந்த வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்கென்றால் 5 லட்சம்.

ஆக, உங்கள் அக்கா பெண் என்பது ஒன்றே போதும். 9 ஆயிரம் வாங்கினாலும் 90 ஆயிரம் வாங்கினாலும் இதில் வித்தியாசமில்லை. கவுண்டரில் யாராவது "வருமானச் சான்று வாங்கி வாம்மா" என்று சொன்னால், "நான் 12-வது பிரிவில் பெண் என்ற வகையில் கேட்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லச் சொல்லுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஒரு ஊரில் ஒரு அம்மாவை இதே சான்றுக்காக மூன்று முறை திருப்பி அனுப்பிய கதை எனக்குத் தெரியும். என்னிடம் அந்தக் கேஸ் வந்தபோது நான்கு மாதம் போயிருந்தது.

அந்த நான்கு மாதம் வெறும் நாள் கணக்கு இல்லை, பணக் கணக்கு. ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட் நாளைக்கு மாதம் 8 ஆயிரம் என்று உத்தரவு போடுகிறது என்று வையுங்கள். தீர்ப்பு வர ஒரு வருடம் ஆனாலும் அந்த ஒரு வருடத்துப் பாக்கியும் சேர்ந்து வரும். ஆனால் மனு போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஏழு மாதம் அந்தக் கணக்கில் சேராது. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் இன்னொரு 8 ஆயிரம் போச்சு.

அடுத்து எங்கே போவது. திருப்பூர் போக வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஜீவனாம்ச மனுவையும் குடும்ப வன்முறைச் சட்ட மனுவையும் மனைவி இப்போது தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே போடலாம். எனவே முசிறி கோர்ட் வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் போனால் போதும். அங்கே ஆள் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது என்றால் திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதற்கு முழு நேரச் செயலாளர் உண்டு, அவரே ஒரு நீதிபதி. மாவட்ட அலுவலகத்தில் வேலை வேகமாக நடக்கும் என்பது என் அனுபவம். போவதற்கு முன் 15100 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். nalsa.gov.in தளத்தில் மனுவும் போடலாம். ஆனால் இந்த மாதிரி வழக்கில் நேரில் போவதுதான் நல்லது.

மனுவுக்கு அச்சடித்த படிவம் இருக்கும். இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் ஏற்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதிக்கொடுப்பார். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, போலீசில் புகார் கொடுத்திருந்தால் அதற்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, இவ்வளவு போதும். மாமா எந்தக் கம்பெனி, சம்பளம் எவ்வளவு, வேறு வருமானம் உண்டா என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பின்னால் வக்கீலுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

மனுவில் என்ன வேண்டும் என்று கேட்கிறோமோ, அந்த ஒரு வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். "என் கணவர் என்னைக் கவனிப்பதில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால், அதை வழக்குக்கு முந்தைய சமரச மனுவாக எடுத்துக்கொண்டு மாமாவுக்கு நோட்டீஸ் அனுப்பிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். அதுவும் தப்பில்லை. மாமா வந்து பேசி ஒத்துக்கொண்டால் நல்லதுதான். ஆனால் அவர் வராமல் இழுத்தடித்தால் இரண்டு மூன்று மாதம் காணாமல் போகும், அந்த மாதங்களுக்கும் மேலே சொன்ன கணக்குதான். அதனால் "ஜீவனாம்ச மனுவும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுவும் தாக்கல் செய்ய எனக்கு வழக்கறிஞரை நியமிக்கக் கோருகிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள். சமரசம் வழக்கு நடக்கும்போதும் பேசலாம். அப்புறம் ஒன்று, லோக் அதாலத்தில் ஒரு தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அக்கா படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடட்டும்.

மனுவைக் கொடுத்து ரசீதோ, தேதி முத்திரை போட்ட நகலோ வாங்கிக்கொள்ளுங்கள். விதிப்படி ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவர்கள் பார்ப்பது, மேலோட்டமாகப் பார்த்தால் வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஜெயிப்பாரா என்று அவர்கள் முடிவு செய்யக் கூடாது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத்தில் தலைவர் என்றால் முதன்மை மாவட்ட நீதிபதி. உண்மையில் ஜீவனாம்ச வழக்குக்கு மறுப்பது மிக அபூர்வம். பட்டியலில் உள்ள யாராவது ஒரு வக்கீலை உங்களுக்கு முன்பே தெரியும், அவர் நன்றாகச் செய்வார் என்றால், அவரையே போடுங்கள் என்று கேட்கலாம். ஒத்துக்கொள்வது செயலாளரின் விருப்பம், கேட்பது உங்கள் உரிமை.

நியமன உத்தரவு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். வக்காலத்தில் அவர் பெயரும் வழக்கு விவரமும் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு அக்கா கையெழுத்துப் போடட்டும்.

இப்போது பணம். வக்கீலுக்கு அரசுதான் கட்டணம் தருகிறது. கட்சிக்காரரிடம் அவர் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் பேட்டா, தீர்ப்பு நகல் செலவு எல்லாம் இதில் அடக்கம். ஆனால் நடைமுறையில் "டைப்பிங் செலவு", "குமாஸ்தாவுக்கு ஏதாவது" என்று 500, 1000 கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அரசு தரும் தொகை குறைவு, அதுவும் வழக்கு நகர நகரத்தான் வரும் என்பது உண்மை. அதற்காகக் கட்சிக்காரர் தலையில் கட்டுவது சரியில்லை. ஒருமுறை கொடுத்துவிட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேட்பார்கள். "செயலாளரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் சார்" என்ற ஒரு வாக்கியம் பெரும்பாலும் வேலை செய்யும். அதையும் மீறினால் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், வக்கீலைப் பட்டியலிலிருந்தே நீக்க முடியும்.

வருமானத்தைப் பற்றி அக்காவுக்கு இன்னொரு எச்சரிக்கை. இலவச வக்கீல் பெற வருமானம் பார்க்க மாட்டார்கள், ஆனால் ஜீவனாம்ச வழக்கில் கோர்ட் பார்க்கும். இரண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் அபிடவிட்டாகப் போட வேண்டும் என்பதும் அதே 2020 தீர்ப்பில் வந்ததுதான். 9 ஆயிரம் சம்பளத்தை மறைக்க வேண்டாம். கடைச் சம்பளத்தைக் கண்டுபிடிப்பது மாமாவின் வக்கீலுக்கு ஒரு மதிய வேலை. மறைத்தது தெரிந்தால் அக்கா சொல்லும் மற்றதையும் நீதிபதி சந்தேகப்படுவார். சம்பாதிக்கிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சம் மறுக்கப்படாது. 9 ஆயிரத்தில் மூன்று பேர் எப்படி வாழ்வது என்பதுதான் கேள்வி, பிள்ளைகளின் பங்கு தனி. வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்டுத் தனி மனுவும் போடச் சொல்லுங்கள். அதை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. ஆனால் கேட்டால்தான் அந்த 60 நாள் ஓடவே ஆரம்பிக்கும்.

சரி, உங்கள் கேஸுக்கு வருவோம். அக்கா கேஸை விட இதுதான் அவசரம். சிவில் வழக்கில் சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை போட வேண்டும். காரணம் சொன்னால் கோர்ட் 90 நாள் வரை நீட்டிக்கலாம். நீங்கள் இலவச வக்கீல் கேட்டு மனு கொடுத்ததால் இந்த நாள்கள் நின்றுவிடாது. இதைத் தெரியாமல், "மனு போட்டிருக்கிறேன், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று வீட்டில் இருந்து ஒருதலைத் தீர்ப்பு வாங்கியவர்கள் உண்டு. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால் அதை நீக்கத் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும், ஏன் வரவில்லை என்று விளக்க வேண்டும். தேவையில்லாத தலைவலி.

அதனால் சம்மனில் ஒரு தேதி இருக்கும் பாருங்கள், அன்று வக்கீல் நியமனம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் நீங்களே நேரில் போய் நில்லுங்கள். காலை பத்தரைக்கெல்லாம் ஹாலில் இருங்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய், "இலவசச் சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன், வக்கீல் நியமிக்க அவகாசம் வேண்டும்" என்று தேதி முத்திரை போட்ட நகலைக் காட்டுங்கள். வாய்தா கிடைக்கும். எதிர்த்து வழக்காடுகிறவருக்கும் இலவச வக்கீல் உண்டா என்று பலர் கேட்பதுண்டு. உண்டு. வழக்குப் போட்டவர், போடப்பட்டவர் என்ற பேதம் சட்டத்தில் இல்லை.

உங்கள் தகுதி வருமானத்தில்தான் நிற்கிறது. மாதம் 18 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். 3 லட்சத்துக்குள்தான். ஒன்றரை ஏக்கர் இருப்பது தடையில்லை, ஏனென்றால் கேட்பது வருமானம், சொத்து மதிப்பு அல்ல. ஆனால் அந்த நிலத்தில் வருடத்துக்கு 30, 40 ஆயிரம் நிற்கிறதென்றால் அதையும் கூட்டிச் சொல்ல வேண்டும். கூட்டினாலும் இரண்டரை லட்சத்தைச் சுற்றித்தான் வரும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வருமானச் சான்று வரும். அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருமானத்தைப் பற்றி நீங்கள் கொடுக்கும் அபிடவிட்டே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது, நம்பாமலிருக்க அவர்களுக்குக் காரணம் இருந்தால் தவிர. சம்மன் கெடு இருப்பதால் அபிடவிட்டைக் கொடுத்து மனுவை ஓடவிடுங்கள், சான்று பின்னால் வரட்டும். பொய்யாகக் குறைத்துச் சொல்லி மாட்டினால் நடு வழியில் உதவியை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம், சாதிச் சான்று போதும்.

கிரிமினல் கேஸில் கைதானவர்களுக்கு வழி வேறு, அதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்ப்பதில்லை. ரிமாண்ட் செய்யும் நாளிலேயே மாஜிஸ்ட்ரேட்டிடம் வாயால் கேட்டால் போதும். இதற்கென்றே முழு நேர வக்கீல்களை வைத்திருக்கும் அலுவலகங்கள் இப்போது பல மாவட்டங்களில் இயங்குகின்றன. உங்கள் இரண்டு வழக்குக்கும் அந்த அலுவலகம் சம்பந்தமில்லை, தவறி அங்கே போய் வரிசையில் நிற்காதீர்கள்.

கடைசிக் கேள்வி, சரியாகப் பார்ப்பாரா என்பது. நேர்மையாகச் சொன்னால் சிலர் மிக நன்றாகப் பார்ப்பார்கள், சிலர் பார்க்க மாட்டார்கள். 35 ஆயிரம் வாங்கும் வக்கீல்களிலும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கேட்க ஒரு இடம் இருக்கிறது. பட்டியல் வக்கீல் நடத்தும் வழக்குகளைக் கவனிக்க ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் கண்காணிப்புக் குழு உண்டு. ஆனால் நீங்கள் போய்ச் சொல்லாமல் அதற்குத் தெரியாது. சொல்வதற்குக் கையில் ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் செல்போனிலேயே இருக்கிறது. வழக்கு எண் விழுந்ததும் TN என்று தொடங்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று கொடுப்பார்கள். அதை services.ecourts.gov.in தளத்திலோ ஈகோர்ட்ஸ் செயலியிலோ போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று வரும். பல நேரம் ஒரு வரிதான் இருக்கும், ஆனால் அந்த ஒரு வரி போதும். எதிர்த்தரப்பு வரவில்லை, நீதிபதி விடுப்பு என்று இருந்தால் வக்கீல் மேல் தப்பில்லை. "மனுதாரர் ஆஜராகவில்லை" என்றோ, எதிருரைக்காக மூன்றாவது முறை தேதி போட்டதாகவோ இருந்தால் உடனே வக்கீலிடம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அந்தத் தேதிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, வேறு வக்கீல் வேண்டும் என்று செயலாளரிடம் மனு கொடுங்கள். "வக்கீல் சரியில்லை" என்ற புகாரை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். "இந்த மூன்று தேதியில் அவர் வரவில்லை" என்ற தாளை ஒதுக்கவும் முடியாது. நானே அப்படி மாற்றப்பட்டு வந்த கேஸ்களை நடத்தியிருக்கிறேன், மாற்றம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆணைக்குழுவிடம் சொல்லாமல் நீங்களாக வெளி வக்கீலைப் போட்டுக்கொண்டால் அந்த வழக்குக்கு இலவச உதவி நின்றுவிடும்.

உங்கள் பாதை வழக்குக்கு வக்கீலைப் பார்க்கப் போகும்போது சம்மனோடு வந்த பிளைன்ட் நகல், அதாவது பக்கத்து நிலத்துக்காரர் கோர்ட்டில் போட்ட வழக்கு மனுவின் நகல், பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. வரைபடம், வண்டிப்பாதை குறிப்பிட்ட பழைய கிரயப் பத்திரம் இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். பிளைன்ட் நகல் இல்லாமல் வெறும் சம்மன் மட்டும் கொடுத்திருந்தால் முதல் வாய்தாவிலேயே நகல் கேளுங்கள், அது இல்லாமல் எதிருரை எழுதவே முடியாது. சம்மன் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். 23 நாள்தான் மிச்சம். திங்கட்கிழமையே அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மனுவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.